பொருள்: ‘பாரம்பரியத்திறன்’ சரிப்படவில்லை, வேறு சொல் வேண்டும்

பரிமளா, திருவொற்றியூர்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டத்துக்காக மரபியல் கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரு கூட்டத்தாரிடையே காணும் வேறுபாட்டில் மரபால் வருவது எவ்வளவு என்று சொல்லும் ‘ஹெரிட்டபிலிட்டி’ வரும் இடங்களில் எல்லாம் ‘பாரம்பரியத்திறன்’ என்று போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துக் காட்டியபோது இரண்டு கேள்விகள் வந்தன. “உயரத்தின் பாரம்பரியத்திறன் 80 விழுக்காடு என்கிறீர்கள். அப்படியானால் என் ஐந்தரை அடியில் நாலரை அடி அப்பா அம்மா கொடுத்தது, மிச்சம் ஓர் அடி நான் தின்ற சோறா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவர் சிரிக்காமல் கேட்டார்: “அண்ணா நகர்ப் பிள்ளைகள் நம் பேட்டைப் பிள்ளைகளைவிட வளர்த்தியாக இருந்தால், அதிலும் 80 விழுக்காடு ரத்தம்தான் காரணமா?”

கட்டுரையே இந்த இரண்டாவது கேள்வி தவறு என்று சொல்லத்தான் எழுதப்படுகிறது. 1969இல் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் அமெரிக்க வெள்ளையர், கறுப்பர் நுண்ணறிவு மதிப்பெண்களை வைத்து இதே தாவலைத் தாவினார். மறு ஆண்டே மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் ஒரு மூட்டை மக்காச்சோள விதையை வைத்து மறுப்பு எழுதினார். நான் அந்த உவமையைச் சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. உவமையைச் சொல் தோற்கடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். வேறு சொல் தாருங்கள்.

இளங்கோ, பெரம்பூர்

அம்மா, ‘பாரம்பரியம்’ என்பதே கோயில் நகையையும் பட்டுச் சேலையையும் நினைவூட்டும் சொல். ‘மரபுப்பேறு’ என்று வையுங்கள். பெறுவது பேறு, மகப்பேறு என்கிறோம் அல்லவா? சின்னச் சொல், வாயில் நிற்கும். கேள்வி கேட்டவருக்கும் பதில் எளிது. கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு விதையால், கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மண்ணால். லெவோன்டின் நிறுவியது அதைத்தானே?

குமரேசன், வியாசர்பாடி

இளங்கோ, முதல் பாதியில் சொல்லின் ஓசை நன்று, பொருள் இடிக்கிறது. இரண்டாம் பாதி தவறு. அதற்குப் பிறகு வருகிறேன். முப்பது ஆண்டு பயிர்ப் பெருக்கத்தில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெவோன்டின் உவமையையே எடுத்துக்கொண்டு, பரிமளா அம்மா மாடியில் இரண்டு தொட்டிகள் வைப்பதாகக் கொள்வோம். ஒரே பையிலிருந்து நாட்டு மக்காச்சோள விதையைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கை அள்ளுகிறோம். மக்காச்சோளம் அயல் மகரந்தம் ஏற்கும் பயிர், ஆகையால் ஒரு விதை போல மற்றொன்று இராது. ஆனால் இரண்டு கைப்பிடியும் சராசரியில் ஒன்றே. முதல் தொட்டியில் சலித்துக் கலந்த நல்ல எரு. இரண்டாவதில் வெறும் தென்னைநார்க் கழிவு. ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் வெயில், நீர், மண் எல்லாம் ஒரே சீர்.

கணக்கு எளிதாக வருவதற்காக எண்களை நானே வைக்கிறேன். முதல் தொட்டிச் செடிகள் 70, 75, 80, 85, 90 செ.மீ. இரண்டாவதில் 40, 45, 50, 55, 60. முதல் தொட்டியின் சராசரி 80. அதிலிருந்து விலகல்கள் 10, 5, 0, 5, 10. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 250, ஐந்தால் வகுத்தால் 50. பாடநூலில் விலக்க வர்க்கச் சராசரி என்பது இதுதான். இரண்டாம் தொட்டியிலும் அதே 50. தொட்டிக்குள் மண் ஒன்றே என்பதால் இந்த 50 முழுவதும் விதையின் வேறுபாடு. நீங்கள் பெயர் தேடும் அளவு, விதையால் வந்த 50 வகுத்தல் மொத்த வேறுபாடு 50, அதாவது 1. முழுக்க முழுக்க விதை! ஆனால் தொட்டிகளுக்கு இடையே உள்ள 30 செ.மீ. வித்தியாசத்தில் விதைக்கு ஒரு செ.மீ.கூடப் பங்கில்லை.

இனிக் கைப்பிடிச் சுவரின் நிழல் முதல் தொட்டியில் பாதியில் விழட்டும். நிழலால் இன்னொரு 50 வேறுபாடு சேர்கிறது என்று கொள்ளுங்கள். மொத்தம் 100, அளவு 0.5 ஆகிவிடும். நிழலை விட்டுவிட்டு இரண்டு தொட்டியையும் ஒரே கூட்டமாக எண்ணினால் சராசரி 65. ஒவ்வொரு தொட்டியின் சராசரியும் அதிலிருந்து 15 விலகி நிற்கிறது, அதன் வர்க்கம் 225. மொத்தம் 275, விதையால் வந்தது அதே 50, அளவு ஏறக்குறைய 0.18. விதை மாறவில்லை. எண் மட்டும் 1, 0.5, 0.18 என்று மாறியது. எனவே இது விதையின் திறனும் இல்லை, செடி பெற்ற பேறும் இல்லை. ஒரு கூட்டத்தின் வேறுபாட்டில் ஒரு பகுதி, அவ்வளவே. ‘திறன்’, ‘பேறு’ இரண்டையும் நான் ஒதுக்குவது இதனால்தான்.

தாஸ், காசிமேடு

அண்ணா சொன்ன கணக்கு முழுக்கப் பிடிபடவில்லை. ‘பகுதி’ என்றதும் எங்கள் ஊர்ப் ‘பங்கு’ நினைவுக்கு வந்தது. படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். படகுக்காரர் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால், பக்கத்துப் படகு ஏன் கூட மீன் பிடித்தது என்று சொல்லிவிட முடியுமா? ‘மரபுப்பங்கு’ என்று வைத்தால், எதில் பங்கு என்று கேட்கத் தோன்றும்.

இன்னொன்று. நான் கடலுக்குப் போகவில்லை, லேத் பட்டறையில் வேலை. என் வலக்கையில் நாலு விரல்தான், ஒன்றை எந்திரம் எடுத்துக்கொண்டது. கைக்கு ஐந்து விரல் என்பது பிறப்பிலேயே வந்தது. அப்படியானால் விரல் எண்ணிக்கைக்கு இந்த அளவு நூற்றுக்கு நூறா?

குமரேசன்

தாஸ் தம்பி, ஏறக்குறையச் சுழியம்! ஐந்து விரல் முளைப்பது மரபணுவின் வேலைதான். ஆனால் ஊரில் விரல் எண்ணிக்கை வேறுபடுவது பெரும்பாலும் உங்களுக்கு நேர்ந்தது போன்ற விபத்துகளால். ஆறு விரலோடு பிறப்பவர் மிகச் சிலர். மரபால் அமைந்த ஒன்றுக்கு இந்த அளவு இல்லாமலே போகலாம். உங்கள் கையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. இத்தனை நாள் இதை நெல்லிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பங்கு என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறை மட்டும்: படகில் பங்கு பிரிப்பது பேசி வைத்த விகிதம். இங்கே நிழல் கூடினால் விதையின் பங்கு தானாகக் குறையும்.

இளங்கோ

சரி ஐயா, பேறு போகட்டும். ஆனால் என் இரண்டாம் பாதி எப்படித் தவறு? நீங்களே தொட்டிகளுக்கு இடையே உள்ளது முழுக்க மண் என்றீர்களே!

குமரேசன்

விதை ஒரே பையிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும், அதனால் சொன்னேன். பையைப் பார்க்காதவன் அதைச் சொல்ல முடியாது. நேர் எதிரான நிலையைப் பாருங்கள். 1966இல் வந்த ஐ.ஆர்.8 குட்டை நெல். பக்கத்து வயலில் மாப்பிள்ளைச் சம்பா, நெட்டை. இரண்டையும் தேர்ந்து தூய்மையாக்கிய விதையாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் எல்லாச் செடிக்கும் மரபு ஒன்றே. உள்ளே தெரியும் சிறு வேறுபாடு எல்லாம் வரப்பு, நீர், எரு தந்தது, அளவு சுழியம். ஆனால் வயல்களுக்கு இடையே உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலும் மரபு. உள்ளே 1 இருந்தபோது வெளியே மண். உள்ளே 0 இருக்கும்போது வெளியே விதை. உள்ளே உள்ள எண் வெளியே உள்ளதைப் பற்றி எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. லெவோன்டின் காட்டியது அந்த மௌனத்தை. ‘எப்போதும் மண்’ என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை.

வயலில் இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு: இரண்டு விதையையும் ஒரே மண்ணில் போடுவது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வறண்ட தொட்டிச் செடியின் விதை சிறுத்திருக்கும், முளையே நோஞ்சானாக வரும். அதை ‘மரபு’ என்று எழுதிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு தலைமுறை இரண்டையும் ஒரே மண்ணில் வளர்த்து, அந்த விதையைத்தான் ஒப்பிட வேண்டும். மனிதர்களிடம் இதையெல்லாம் செய்ய முடியாது. வேறு தடயங்கள்தான் உண்டு. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய 20 செ.மீ. கூடியது. அதற்குள் ஒரு நாட்டின் மரபணு அந்த அளவு மாறிவிடாது.

அமுதா, தண்டையார்பேட்டை

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். என் மாமியாருக்கும் கணவருக்கும் சர்க்கரை. மரபுப்பங்கு பாதி என்று எங்கோ படித்தேன். என் மகனுக்கு வரும் வாய்ப்பும் பாதிக்குப் பாதியா?

குமரேசன்

இல்லை அம்மா. அது ஊரார் ஒருவருக்கொருவர் வேறுபடுவதைப் பற்றிய எண், உங்கள் மகனைப் பற்றியதன்று. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அது வேறு கணக்கு, மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிமளா

அமுதாவின் கேள்வியைப் பார்த்ததும் ‘மரபுப்பங்கு’ மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. நாலு அஞ்சலுக்குள்ளேயே ஓர் ஆளுக்கு உரியதாக ஆகிவிட்டது. ‘வேறுபாட்டு மரபுப்பங்கு’ என்றால்? கட்டுரையில் அதை எங்கே எழுதினாலும் முன்னால் ஓர் இடமோ கூட்டமோ வர வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொள்கிறேன். ‘உயரத்தின் பங்கு 80 விழுக்காடு’ என்று எழுத மாட்டேன். ‘இந்த நாட்டில், இந்தத் தலைமுறையினரிடையே, உயரத்தின் வேறுபாட்டு மரபுப்பங்கு ஏறக்குறைய 80 விழுக்காடு’ என்றே எழுதுவேன்.

இளங்கோ

பொருள் சரி. ஆனால் ஒன்பது எழுத்தைத் தாண்டிய சொல்லை யாரும் புழங்க மாட்டார்கள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் நீங்களே ‘மரபுப்பங்கு’ என்று சுருக்கிவிடுவீர்கள், மறுபடியும் பழைய கதை. என் வாக்கு இன்னும் வேறொரு சின்னச் சொல்லுக்கே. கிடைத்ததும் எழுதுகிறேன்.

குமரேசன்

பரிமளா அம்மாவின் சொல்லுக்கு என் ஒப்புதல், ஒரு சிக்கலோடு. பயிர்ப் பெருக்கத்தில் இதே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு. மரபால் வரும் வேறுபாடு அனைத்தையும் எண்ணுவது ஒன்று. பெற்றோரைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கத்தக்கதை மட்டும் எண்ணுவது மற்றொன்று. இரண்டாவதற்கும் பெயர் வேண்டும், என்னிடம் இல்லை.

பரிமளா

தொட்டிகளை உண்மையாகவே வைத்துவிட்டேன் ஐயா. இருபத்தைந்து நாள் ஆகிறது. நார்க்கழிவுத் தொட்டியில் கீழ் இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகின. தழைச்சத்துக் குறை என்று நினைத்து மீன் அமிலம் ஊற்றினேன். பச்சை திரும்பியது, வளர்த்தி திரும்பவில்லை. தாஸ் வந்து பார்த்துவிட்டு, “மண்ணுக்கு வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி மிச்சம் விதைதான்” என்கிறார்.

குமரேசன்

தம்பி, ஜென்சன் பக்கம் சாய்ந்துவிட்டீர்களே! விதை இரண்டும் ஒரே பை என்பதை மறந்துவிட்டீர்கள். லெவோன்டின் தன் இரண்டாம் தொட்டியில் தழைச்சத்து தரும் நைட்ரேட்டைப் பாதியாகக் குறைத்ததோடு, துளியளவு துத்தநாகத்தையும் எடுத்துவிட்டார். யாராவது நைட்ரேட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்வார், வித்தியாசம் முழுக்கப் போகாது, மீதியை விதையின் தலையில் கட்டுவார் என்பதற்காகவே.

அம்மா, புதிதாக வரும் இலைகளைப் பாருங்கள். நடு நரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டை தெரிந்தால் துத்தநாகம் போதவில்லை. ஒரு படம் அனுப்புங்கள். அந்தத் தொட்டி விதையைத் தனியாக எடுத்து வையுங்கள், நல்ல தொட்டி விதையோடு கலந்துவிட வேண்டாம்.