2017 வண்டிக்கு ஆறு மாதப் புகைச் சான்றிதழ்: சரியா, ஏமாற்றா?

நத்தம் ரோடு:
என் பைக் 2017 ஏப்ரலில் பதிவானது. பி.எஸ். 4, அதாவது பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசுத் தரத்து வண்டிக்குப் புகைச் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும் என்று படித்தேன். சென்டரில் எனக்கு ஆறு மாதத்துக்குத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தேதியைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்து, போன வாரம் போலீஸ் சோதனையில் மாட்டினேன். காலாவதியாகி 2 மாதம் ஆகிவிட்டதாம். இந்த முறை எச்சரித்து அனுப்பிவிட்டு, "அடுத்த தடவை பத்தாயிரம்" என்றார். சென்டர்காரர் ஏமாற்றிவிட்டாரா? பத்தாயிரம் நிஜமா?

கரிப்புகை:
இதில் என்ன சந்தேகம்? வருடத்துக்கு ஒரு தடவை வரவேண்டியவரை இரண்டு தடவை வரவைத்தால் இரண்டு மடங்கு காசு. இந்தச் சான்றிதழே ஒரு காகித வியாபாரம்.

சென்டர்காரன்:
நான் எமிஷன் டெஸ்ட் சென்டர் நடத்துகிறேன், அதனால் எங்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்தாலும் பரவாயில்லை. எத்தனை மாதம் என்பதை நாங்கள் கையால் போடுவதில்லை. வண்டி எண்ணை அடித்ததும் அரசின் 'வாகன்' பதிவுத் தரவிலிருந்து வண்டியின் விவரம் வருகிறது, தேதியை மென்பொருளே போட்டுவிடும். பி.எஸ். 4, அதற்குப் பிந்தைய வண்டி என்றால் 12 மாதம். அதற்கு முந்தையது என்றால் 6 மாதம். புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து முதல் ஒரு வருடம் சான்றிதழே வேண்டாம்.

தம்பி, உங்கள் வண்டி வாங்கியது எந்தத் தேதி? பதிவான தேதியைக் கேட்கவில்லை, பில் தேதியைச் சொல்லுங்கள்.

நத்தம் ரோடு:
பில் 2017 மார்ச் 31. அன்றைக்கு ஷோரூமில் திருவிழாக் கூட்டம். பெரிய தள்ளுபடி என்று மாமாதான் இழுத்துக்கொண்டு போனார். பதிவு ஏப்ரல் இரண்டாவது வாரம்.

சென்டர்காரன்:
நினைத்தேன். அந்தத் தள்ளுபடிதான் உங்கள் ஆறு மாதத்துக்குக் காரணம். 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கவும் பதிவு செய்யவும் கூடாது என்று சொல்லிவிட்டது. மார்ச் 31க்குள் விற்றதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் பிறகு பதிவு செய்யலாம் என்று விலக்கு கொடுத்தது. கையில் தேங்கிய வண்டிகளை அந்த இரண்டு மூன்று நாளில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். உங்கள் வண்டி பெரும்பாலும் அந்தச் சரக்கு. ஏப்ரலில் பதிவானதால் அது பி.எஸ். 4 ஆகிவிடாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். vahan.parivahan.gov.in/puc பக்கத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளும் கொடுத்தால் சான்றிதழ் வரும். எந்தத் தரத்து வண்டி என்று அதிலும் ஆர்.சி. விவரத்திலும் பாருங்கள்.

பேட்டரி மச்சான்:
என் மின்சார ஸ்கூட்டருக்கு எத்தனை மாதம் போடுவார்கள்? ஷோரூமில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சட்டம் பேசுவோம்:
சிரிக்கத்தான் செய்வார்கள். புகைக்குழாயே இல்லாத வண்டிக்கு எதை அளப்பது?

நத்தம் ரோடு நண்பருக்கு: பத்தாயிரம் என்பது வெறும் மிரட்டல். ஆவணம் கையில் இல்லாவிட்டால் சில நாள் அவகாசம் உண்டு. அதற்குள் டெஸ்ட் எடுத்துக் காட்டினால் அபராதமே கிடையாது. ஆனால் ஒன்று, புகைச் சான்றிதழ் இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் பைசா வராது.

ஆட்டோ பாண்டி:
இன்சூரன்ஸ் விஷயம் தப்பு அண்ணே. என் ஆட்டோ 2021ல் மோதி முன்பக்கம் நசுங்கியது. அன்றைக்குப் புகைச் சான்றிதழ் முடிந்து 9 நாள். கம்பெனி ஆளும் நீங்கள் சொன்னதையே சொல்லி முதலில் கைவிரித்தார். ஸ்டாண்டில் ஒருவர், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2020 ஆகஸ்டில் "இதைக் காரணமாகக் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது" என்று அறிவித்ததை எடுத்துக் கொடுத்தார். அந்த அறிவிப்பை இணைத்து எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது, தேய்மானம் போக.

சென்டர்காரன்:
பாண்டி சொல்வது சரி. குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், 2017 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம், செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்றது. அது புதுப்பிப்பதைப் பற்றியது, விபத்துக்குப் பிறகு பணம் கொடுப்பதைப் பற்றியது அல்ல. அந்த நிபந்தனையால் இன்சூரன்ஸே இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் அடிபட்டவர்தான் நஷ்டப்படுகிறார் என்று இன்சூரன்ஸ் நிறுவனங்களின் அமைப்பு வாதாடியதால், 2024 ஜூலையில் நீதிமன்றம் அதையும் தளர்த்தியது.

ஆனால் அபராத விஷயத்தில் நீங்கள் பாதிதான் சரி, சார். அவகாசம் என்பது சான்றிதழ் இருக்கிறது, வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பவருக்கு. இப்போது மொபைலில் காட்டினாலே செல்லும் என்பதால் அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. நிறுத்திய நாளில் சான்றிதழே உயிரோடு இல்லை என்றால், மறுநாள் எடுத்ததைக் காட்டி முதல் நாளை மூட முடியாது. அதில் மறுநாள் தேதிதான் இருக்கும், நேரம்கூட இருக்கும். பத்தாயிரமும் மிரட்டல் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இல் 2019 செப்டம்பர் 1 வரை முதல் தடவை ஆயிரம்தான். திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் பறிபோகலாம். 'வரை' என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் தொகையை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. டெல்லியில் முழுப் பத்தாயிரம்.

சட்டம் பேசுவோம்:
சரி, இன்சூரன்ஸில் நான் தப்பு. ஆனால் 190(2)ஐ நிதானமாகப் படியுங்கள். காற்று மாசு, ஒலி மாசு தரங்களை 'மீறும்' வண்டியை ஓட்டினால் என்றுதான் இருக்கிறது. சான்றிதழ் காலாவதியான வண்டி தரத்தை மீறுகிறது என்று யார் அளந்தார்கள்? அளக்காமலே பத்தாயிரம் என்றால், பரீட்சை எழுதாதவனை ஃபெயில் என்று அடிப்பது போல.

மல்லிகா டீச்சர்:
பரீட்சை எழுதாதவனை ஃபெயில் என்றுதானே போடுவோம், பிறகு என்ன? நான் தினம் இரண்டு சிக்னல் தாண்டி நடந்து பள்ளிக்குப் போகிறேன். முன்னால் நிற்கும் வண்டி கறுப்பாகக் கக்கும்போது, அவரிடம் காகிதம் இருக்கிறதா என்று நான் அளக்க முடியுமா? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் போய் நிற்க வலிக்கிறது என்றால் எதற்கு வண்டி?

கரிப்புகை:
டீச்சர், அந்தக் கறுப்பு வண்டியிடமும் சான்றிதழ் இருக்கும், அதுதான் என் புகார். டெல்லி பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டசபையில் வைக்கப்பட்டது. அளவு மீறியதாகப் பதிவான 1.08 லட்சம் வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஒரே சென்டரில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாக 7,643 பதிவுகள். என்ன, இரண்டு கைகளிலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்களா?

சென்டர்காரன்:
மறுக்க மாட்டேன், எங்கள் தொழிலில் திருடர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகச் செய்தால் டெஸ்ட் பேசும். போன மாதம் ஒரு பழைய கார்புரேட்டர் பைக் வந்தது. பதினைந்து நிமிடம் ஓடி வந்த சூடு இருந்தது. குழாயை சைலன்சருக்குள் ஒரு அடி நீளம் விட்டு ஐட்லிங்கில் வைத்தேன். கார்பன் மோனாக்சைடு 4.8 சதவீதம். 2000க்குப் பிறகு வந்த அந்த மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு வரம்பு 3.5. ஹைட்ரோகார்பன் 1,900 பிபிஎம், வரம்பு 4,500, அது பிரச்சினை இல்லை. கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறினால் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று அர்த்தம். ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் ஸ்பார்க் ப்ளக்கைச் சந்தேகப்பட்டிருப்பேன், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வரும். இவருக்கு ஏர் ஃபில்டரைக் கழற்றினால் செங்கல் சூளைத் தூசி. ரிஜெக்ஷன் ஸ்லிப் போட்டு அனுப்பினேன். ஃபில்டர் மாற்றி, மெக்கானிக்கிடம் ஐட்லிங் ஸ்க்ரூ சரிசெய்து மாலையில் வந்தார். 2.1. மைலேஜும் ஏறியிருக்கிறது என்றார்.

ஏமாற்றும் வழியும் சொல்கிறேன். குழாயை நுனியில் மட்டும் வைத்தால் வெளிக்காற்று கலந்து எண் இறங்கிவிடும். சைலன்சர் ஜாயின்ட் ஓட்டையாக இருந்தாலும் அதேதான். கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து குறைந்திருந்தால் காற்று கலந்திருக்கிறது என்று நாங்கள் கண்டுபிடிப்போம், கண்டுபிடிக்க விரும்பினால்.

கரிப்புகை:
கடைசி வார்த்தை போதும் எனக்கு. இன்னொன்று, பைக்கில் நீங்கள் வரம்பு வைத்துப் பார்ப்பது இரண்டே வாயு. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கிறீர்களா? நுண்துகள்?

சென்டர்காரன்:
இல்லை. ஐட்லிங் டெஸ்டில் அது வராது. டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சட்டம் பேசுவோம்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சான்றிதழ் இல்லாததும் தரத்தை மீறுவதும் ஒன்றா?

சென்டர்காரன்:
நடைமுறையில் ஒன்றாகத்தான் சலான் போடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் வண்டியை டெஸ்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல அதிகாரிக்கு விதி இருக்கிறது. போகாவிட்டால் ஆர்.சி.யையே நிறுத்திவைக்கலாம். நேரடிச் சலானை எதிர்த்து நீதிமன்றம் போகத் துணிந்தால் உங்கள் வாதத்தை வைக்கலாம் சார். நான் போக மாட்டேன், டெஸ்ட் எடுத்துவிடுவேன்.

நத்தம் ரோடு:
பார்த்துவிட்டேன், பி.எஸ். 3 என்றே இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன், "தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைப் பார், அதைச் சொல்ல மாட்டாயா" என்கிறார். சென்டர்காரர் அண்ணனிடம் மன்னிப்பு. இன்று காலை பங்க் பக்கத்துச் சென்டரில் டெஸ்ட் எடுத்தேன். கார்பன் மோனாக்சைடு 0.3 வந்தது! ஃபில்டர்கூட மாற்றவில்லை.

சென்டர்காரன்:
அந்த வயசு கார்புரேட்டர் வண்டிக்கு 0.3 ரொம்ப நல்ல எண் தம்பி. குழாயை எவ்வளவு தூரம் உள்ளே விட்டார்கள்?

நத்தம் ரோடு:
விடவில்லை அண்ணே. நுனியில் சும்மா பிடித்துக்கொண்டு, நம்பர் பிளேட்டை ஃபோட்டோ எடுத்தார்கள்.

கரிப்புகை:
டீச்சர், படித்தீர்களா?