பாரபாலிக் எஸ்ஏஆர் புள்ளிக்குத் தமிழில் என்ன பெயர்?

லாஸ்பேட்டையிலிருந்து அக்கா:

வணக்கம். சந்தைச் சொற்களுக்கு நான் தொகுத்துவரும் பட்டியலில் ஒன்று மட்டும் முள்ளாக நிற்கிறது. விலைக் கோட்டுக்குக் கீழேயும் மேலேயும் வரிசையாக விழும் அந்தப் புள்ளிகள்தான். கீழே நின்றால் பங்கை வைத்திரு, விலை முட்டிப் புள்ளி மேலே மாறினால் விற்றுவிடு என்று சொல்பவை. வெல்ஸ் வைல்டர் 1978-இல் புத்தகத்தில் கொடுத்தது. இங்கே தரகர் அலுவலகத்தில் எல்லாரும் 'சார்' என்கிறார்கள். "சார் மேலே போயிட்டார், வித்துடு" என்று ஒருவர் கத்தினால், வெளியிலிருந்து வந்தவர் மேலதிகாரியைத் தேடுவார்.

'நிறுத்தித் திரும்பு புள்ளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் நம்மில் பலர் வாங்கிய பங்கிலிருந்து வெளியேற மட்டுமே அதைப் பார்க்கிறோம். அங்கே திரும்பி, கையில் இல்லாத பங்கை விற்று நிற்பதில்லை. பாதி வேலையை நாம் செய்யாதபோது அந்தப் பெயர் எதற்கு?

மஞ்சக்குப்பத்திலிருந்து கணக்கு ஆசிரியர்:

அம்மா, 'பரவளையம்' என்று பாடநூலில் நல்ல சொல் இருக்கிறது. 'பரவளையப் புள்ளி' என்று வைத்துவிடலாம். அசல் பரவளையம் இல்லை என்பது எனக்கும் தெரியும். வடிவம் அப்படி வளைவதால் வந்த பெயர்.

ஒரே எல்லைக்குள் ஆடும் பக்கவாட்டுச் சந்தையில் இது ஏன் காசைத் தின்கிறது என்பதும் அந்த வளைவிலேயே இருக்கிறது. நாளாக ஆக முடுக்கம் கூடும், புள்ளி வேகமெடுத்து விலையை எட்டிப் பிடித்துவிடும். முடுக்கக் காரணி 0.02-இல் தொடங்கி 0.20 வரை ஏறுகிறதல்லவா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்:

எனக்குப் பெயரெல்லாம் தெரியாது. கரும்புப் பணம் வந்ததும் ஒரு பங்கு வாங்கினேன். இப்போது அந்தப் புள்ளி விலைக்கு மேலே நிற்கிறது. மேலே நின்றால் அங்கே வரை ஏறும் என்றுதானே பொருள்? இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா?

முதுநகரிலிருந்து ஒருவர்:

ஆசிரியர் ஐயா சொன்னது பாதி சரி. முடுக்கக் காரணி நாள் கணக்கில் ஏறுவதில்லை. வாங்கிய பக்கத்தில் நிற்கும்போது விலை புதிய உச்சம் தொட்டால் மட்டும் 0.02 கூடும். பக்கவாட்டில் புதிய உச்சமே வராது, அதனால் காரணி அப்படியே நிற்கும். ஆனாலும் புள்ளி நகரும். இதுதான் விஷயம். கணக்கு ஒரு வரிதான்:

```
SAR(நாளை) = SAR + AF × (EP − SAR)
```

AF என்பது அந்த முடுக்கக் காரணி, EP என்பது அந்த ஏற்றத்தில் தொட்ட உச்சம். புள்ளிக்கும் உச்சத்துக்கும் உள்ள தூரத்தில் ஒரு பங்கை அது தினமும் விழுங்குகிறது. விலை தூங்கினாலும் புள்ளி தூங்காது.

200-க்கும் 210-க்கும் நடுவே ஆடும் பங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 206.50-இல் புள்ளி கீழே மாறியது, வாங்கினோம். முதல் புள்ளி பழைய இறக்கத்தின் அடியான 200-இல் விழும். உச்சம் 207, 209, 210 என்று மூன்று நாள் ஏறியது. காரணி 0.06 ஆனது, அடுத்த நாளுக்கான புள்ளி 201.06. அதன்பின் பங்கு 205-க்கும் 208-க்கும் நடுவே படுத்துக்கொண்டது. புள்ளி மட்டும் 201.60, 202.10, 202.58 என்று ஏறி, ஏழாம் நாள் 204.21-க்கு வந்தது. அன்று விலை லேசாக 204-ஐத் தொட்டது, கதை முடிந்தது. ஒரு பங்குக்கு 2.29 ரூபாய் நஷ்டம்.

அடுத்த புள்ளி 210-இல், காரணி மறுபடி 0.02. விலை 204, 202, 201 என்று இறங்கித் திரும்பியது. இங்கும் அதே கதை. மேலேயிருந்து புள்ளி இறங்கி இறங்கி 206.22-இல் விலையைச் சந்தித்தது. திரும்பி விற்று நின்றவருக்கு மேலும் 2.01 போனது. பங்கு கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது, நாலு ரூபாய் சொச்சத்தைக் காணோம்.

அக்கா சொன்ன மாதிரி வெளியேற மட்டும் பார்ப்பவரும் தப்பவில்லை. 204.21-க்கு விற்றார், புள்ளி மறுபடி கீழே வந்ததும் 206.22-க்கு வாங்குவார். அதே 2.01 தான். கூடவே டெலிவரிக்கு இரு பக்கமும் 0.1 சதவீத வரி.

பெயருக்கு என் யோசனை: 'முட்டுப்புள்ளி'. எங்கள் துறைமுகப் பக்கம் ஐஸ் ஏற்றிய வண்டியை மேட்டில் தள்ளும்போது பின்னால் ஒரு பையன் கட்டை தூக்கிக்கொண்டே வருவான். ஒவ்வொரு முழம் ஏறினதும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். வண்டி பின்வாங்கினால் அங்கேயே முட்டி நிற்கும். கட்டை முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. புள்ளியும் அப்படித்தான்.

லாஸ்பேட்டை அக்கா:

முட்டு நன்றாக இருக்கிறது தம்பி. விலை முட்டினால் வெளியேறு என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. ஆனால் வண்டி நின்றால் உங்கள் பையனும் கட்டையோடு நிற்பான். நீங்கள் காட்டிய புள்ளியோ நின்ற வண்டியின் சக்கரத்தை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. காசு போவதே அதனால்தான் என்றால், அதைப் பெயரில் விட்டுவிடக் கூடாது. 'நெருங்குமுட்டு' என்றால்?

ஒரு பக்கம் விற்று அடி, மறுபக்கம் வாங்கி அடி. இந்த நஷ்டத்துக்கு 'மத்தள அடி' என்று போட்டுக்கொள்கிறேன். இதற்கு யாரும் மறுப்பு சொல்லமாட்டீர்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:

காரணி ஏறாது என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தேன். 0.06-இல் விலை தூங்கினால் பதினோரு நாளில் இடைவெளி பாதியாகிறது. 0.20-இல் மூன்றே நாள். அப்படியானால் பக்கவாட்டுச் சந்தையில் மட்டுமல்ல, நன்றாக ஓடிய பங்கு நடுவில் ஒரு வாரம் இளைப்பாறினாலும் இது வெளியே தள்ளிவிடும். அந்த இழப்பு கணக்கில் நஷ்டமாகத் தெரியாது என்பதால் யாரும் பேசுவதில்லை.

இதைப் பார்த்தபின் 'முடுக்கக் காரணி' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. அது இடைவெளியில் விழுங்கும் பங்கு. 'நெருக்கு விகிதம்' என்பது பொருந்தும். 'நெருங்குமுட்டு' வாயில் நுழையக் கொஞ்சம் பழக வேண்டும்.

முதுநகர்:

விகிதத்துக்கு ஐயா சொன்னதை ஏற்கிறேன். புள்ளிக்கு நான் இன்னும் 'முட்டுப்புள்ளி' பக்கம்தான். தரகரிடம் போனில் 'நெருங்குமுட்டு' என்று சொன்னால் அவர் ஆர்டர் போடுவதற்குள் சந்தை மூடிவிடும்.

விகிதத்தைக் குறைத்து, ஏற்றத்தை 0.01 ஆக வைத்தால் மத்தள அடி தாமதமாக விழும். ஆனால் நிஜமான இறக்கத்திலும் தாமதமாகவே வெளியே வருவோம், லாபத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. அதே புத்தகத்தில் வைல்டர் ஏடிஎக்ஸ் என்று போக்கின் வலுவை அளக்கும் கருவியும் கொடுத்தார். அது தாழ்ந்து கிடக்கும்போது நான் புள்ளியைப் பார்ப்பதில்லை, கடைசி அடித்தளத்துக்குக் கீழே நிலையான ஸ்டாப் லாஸ் போட்டுவிடுவேன். ஏடிஎக்ஸும் பிந்தித்தான் விழிக்கும், முதல் இரண்டு அடி எப்படியும் விழும்.

நெல்லிக்குப்பம் அண்ணாவுக்கு: புள்ளி மேலே நிற்கிறது என்றால் விலை அங்கே போகும் என்று பொருளல்ல. விலை ஏற்கெனவே முட்டி, நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது என்று பொருள். எந்த விலைக்கு வாங்கினீர்கள், புள்ளி எந்தத் தேதியில் மேலே ஏறியது, இரண்டையும் எழுதுங்கள். கூட வாங்குவதை அதுவரை நிறுத்துங்கள்.

நெல்லிக்குப்பம்:

தேதி பார்த்தேன் தம்பி. நான் வாங்கிய நாளுக்கு முந்தின நாளே மேலே ஏறியிருக்கிறது.