கலைச்சொல்: ‘தன்னொழுங்கு’ போதுமா, ‘ஓட்டச்சமன்’ வேண்டுமா?

அனுப்பியவர்: மண்டபம், கையேடு தொகுப்பவர்

வணக்கம். விசைப்படகுத் தொழிலாளிகளுக்கான முதலுதவிக் கையேட்டில் தலைக்காயப் பகுதி என் பொறுப்பு. இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறேன்.

உடம்பின் ரத்த அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. இதற்கு ‘தன்னொழுங்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த படகோட்டி ஒருவர், “ஒழுக்கத்தைப் பத்தியா சொல்றீங்க?” என்று கேட்டார்! இரண்டாவது, ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் வரும் மீதி. மூளைக்குள் ரத்தத்தை உண்மையில் தள்ளுவது அந்த மீதிதான். அதற்கு என்ன சொல்லலாம்?

அனுப்பியவர்: தேவிபட்டினம், தமிழாசிரியர்

முதல் சொல்லுக்கு ‘வளையச்சமன்’ பொருந்தும். மூளையின் அடியில் கழுத்துத் தமனிகளும் முதுகுப் பக்கத் தமனிகளும் கைகோத்து ஒரு வளையம் ஆகின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் இதை விவரித்தார், படங்களைத் தீட்டியவர்களில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் ஒருவர். நம் மாவட்டத்துக் கண்மாய்கள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு மறுகால் பாய்வதைப் போல, ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது. சமன் செய்வது வளையம்தானே? பெயரும் அதையே சொல்லட்டும்.

அனுப்பியவர்: கீழக்கரை, மயக்க மருந்து டாக்டர்

ஆசிரியர் ஐயா, மறுகால் பாய்வது வரை சரி. ஒரு பக்கக் கழுத்துத் தமனி மெல்ல மெல்ல அடைபட்டும் பக்கவாதம் வராமல் சிலர் தப்பிப்பது அந்த வளையத்தால்தான். ஆனால் பாடநூலில் வரைந்திருப்பது போல முழு வளையம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. ஏதாவது ஒரு இணைப்பு நூல் மாதிரி மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அவர்களுக்கும் மூளை ரத்த ஓட்டம் நிலையாகத்தான் இருக்கிறது.

மறுகால் எந்தப் பக்கம் பாய்கிறது என்பது வேறு, மடையைத் திறந்து அடைக்கிற ஆள் வேறு. மடை வேலையைச் செய்பவை வளையத்தைத் தாண்டி மூளைக்குள் பரவும் நுண்தமனிகள். அழுத்தம் குறைந்தால் அவற்றின் சுவர்த்தசை தளர்ந்து குழாய் அகலும், கூடினால் இறுகிச் சுருங்கும். அதனால்தான் சராசரி ரத்த அழுத்தம் சுமார் 60 முதல் 150 மி.மீ. பாதரசம் வரை எங்கே நின்றாலும், 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. அளவில் ரத்தம் கிடைத்துவிடுகிறது. இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். பல வருடம் பிரஷர் உள்ளவருக்கு மேலே நகர்ந்திருக்கும்.

ஆகவே ‘வளையச்சமன்’ வேண்டாம். மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது வளையம் கைகொடுக்கும் என்ற தவறான நம்பிக்கையை அது கொடுத்துவிடும். வளையமும் அதே மண்டைக்குள்தான் இருக்கிறது. எல்லாக் கிளையும் சேர்ந்து நெரிபடும்போது யார் யாருக்கு ரத்தம் கொடுப்பது?

அனுப்பியவர்: பாம்பன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்க அம்மா பாசி எடுக்கக் கடலுக்குள்ள முங்குவாங்க. கரைக்கு வந்தா பல நாள் தலைவலி. நீங்க சொல்ற மண்டை அழுத்தம் இதுதானா? தண்ணி அழுத்துறதால ரத்தம் போகாம நின்னுடுமா?

அனுப்பியவர்: கீழக்கரை, மயக்க மருந்து டாக்டர்

இல்லைம்மா. கடல் நீர் தலையை மட்டும் அழுத்துவதில்லை, உடம்பு முழுவதையும் ஒரே அளவாக அழுத்துகிறது. ரத்த அழுத்தமும் மண்டைக்குள் உள்ள அழுத்தமும் ஒன்றாக ஏறுவதால் கழித்தால் வரும் மீதி மாறாது. ஆனால் மூச்சை அடக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு சேரும். அது மூளையின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்தும், தலைவலிக்கு அது ஒரு காரணம். ஒவ்வொரு முங்கலுக்கும் நடுவே நன்றாக இளைப்பாறச் சொல்லுங்கள். கண்ணாடி இறுக்கமோ சைனஸோகூடக் காரணமாக இருக்கலாம். வலி விடாமல் வந்தால் நேரில் காட்டுங்கள், மெயிலில் முடியாது.

அனுப்பியவர்: தொண்டி, செவிலியர்

இரண்டாவது சொல் ஏன் முக்கியம் என்று நான் சொல்கிறேன். விஞ்ச் கைப்பிடி காதுக்கு மேலே அடித்த ஒரு தம்பியைக் கொண்டு வந்தார்கள். அடிபட்டதும் கொஞ்ச நேரம் மயக்கம், அப்புறம் நன்றாகப் பேசியிருக்கிறான். கரை சேரும்போது வாந்தி, தூக்கக் கலக்கம். எங்களிடம் வந்தபோது ரத்த அழுத்தம் 190/100, நாடி 52, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்திருந்தது. கூட வந்த அண்ணன் தன் அப்பாவின் பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டி, “பிரஷர் ஏறிடுச்சு, முதல்ல இதைக் குடுங்க” என்று ஒரே பிடிவாதம். ‘பிரஷர் ஏறினால் மூளை நரம்பு வெடிக்கும்’ என்றுதானே ஊரில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கொடுக்கவில்லை. உடனே மதுரைக்கு அனுப்பினோம். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது, திறந்து எடுத்தார்கள்.

அனுப்பியவர்: கீழக்கரை, மயக்க மருந்து டாக்டர்

சகோதரி சொன்ன எண்ணையே போட்டுப் பாருங்கள். 190/100 என்றால் சராசரி சுமார் 130. மண்டைக்குள் அழுத்தம் சாதாரணமாக 15க்குள் இருக்கும். அந்தப் பையனுக்கு அளந்திருக்க மாட்டார்கள், ஒரு கணக்குக்கு 50 என்று வைப்போம். மீதி 80, மூளை பிழைக்கும். மாத்திரை கொடுத்து 120/80க்கு இறக்கினால் சராசரி 93, மீதி 43தான். உடம்பு மூளையைக் காப்பாற்றத்தான் அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது. ஏறிய அழுத்தமும் குறைந்த நாடியும் ஒன்றாக வந்தால் அது முற்றிய நிலை, அதுவரை காத்திருக்கவே கூடாது.

முதலில் தலை ஏன் சமாளிக்கிறது? ரத்தக்கட்டு இடம் பிடிக்கும்போது மூளையைச் சுற்றியுள்ள நீரும் சிரை ரத்தமும் கொஞ்சம் வெளியேறி இடம் விடுகின்றன. அவன் நன்றாகப் பேசிய நேரம் அது. அந்த இடம் தீர்ந்த பிறகு ஒவ்வொரு மி.லி.க்கும் அழுத்தம் எகிறும். மீதி குறைகிறது, நுண்தமனிகள் வழக்கம்போல அகலுகின்றன. அகன்ற குழாயில் ரத்தம் கூடுதலாக நிற்பதால் இடம் இன்னும் குறைகிறது, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. காக்க வந்த ஏற்பாடே நெரிக்கிறது. மூச்சு மந்தமாகிக் கரியமில வாயு சேர்ந்தாலும் இதே கதைதான்.

இதனால்தான் எனக்கு ‘தன்னொழுங்கு’ பிடிக்கவில்லை, எப்போதும் நல்லதே செய்யும் என்பது போல ஒலிக்கிறது. ‘ஓட்டச்சமன்’ என்றால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அடிபட்ட பகுதியில் அது கெட்டுப்போவதை ‘ஓட்டச்சமன் குலைவு’ என்றும் சொல்ல முடியும். அங்கே ரத்தம் அழுத்தத்தின் போக்கிலேயே போகும், அளவுக்கு மீறி ஏறினால் வீக்கமும் ரத்தக்கசிவும் கூடும். ஆக, ஏறிய பிரஷரை எப்போதும் விட்டுவிட வேண்டும் என்றும் கையேட்டில் எழுதிவிடாதீர்கள்.

மீதிக்கு ‘எஞ்சழுத்தம்’?

அனுப்பியவர்: தேவிபட்டினம், தமிழாசிரியர்

‘ஓட்டச்சமன்’ ஏற்கிறேன். ‘எஞ்சழுத்தம்’ என்றால் வேலை முடிந்து மிச்சமிருக்கும் அழுத்தம் என்று படுகிறது. இங்கே வேலையே இனிமேல்தான். ‘பாய்ச்சழுத்தம்’ என்பேன்.

அனுப்பியவர்: தொண்டி, செவிலியர்

ஐயா, பாய்ச்சழுத்தம் என்றால் பிரஷர் என்றே எடுத்துக்கொள்வார்கள். கழித்தல் காதில் விழ வேண்டும்.

அனுப்பியவர்: மண்டபம், கையேடு தொகுப்பவர்

‘ஓட்டச்சமன்’ உள்ளே போகிறது. மற்றதற்கு இந்தப் பதிப்பில் ‘மூளைக்கு மிஞ்சும் அழுத்தம்’ என்று நீட்டியே எழுதுகிறேன், விவாதம் திறந்தே இருக்கட்டும். “தலையில் அடிபட்டவருக்குப் பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்” என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். டாக்டர், படகில் படுக்க வைக்கும்போது தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது பற்றி எழுதலாமா? கழுத்தெலும்பும் அடிபட்டிருந்தால் என்ன செய்வது?

அனுப்பியவர்: கீழக்கரை, மயக்க மருந்து டாக்டர்

கழுத்தில் சந்தேகம் இருந்தால் தலையணை வைத்துக் கழுத்தை மடக்கக் கூடாது. ஆளைப் பலகையோடு நேராக வைத்து, பலகையின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒன்றாகப் பிடித்துப் பக்கவாட்டில் புரட்டுங்கள். ஆடுகிற வல்லத்தில் இதை எத்தனை பேர் சேர்ந்து செய்ய முடியும் என்பதைப் படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.