புதுப்பிப்பு: வாரண்டி உள்ள காரில் பேட்டரி போனது

"கார் வாங்கி ஒன்றரை வருடம்தான். வாரண்டி இருந்தும் பேட்டரிக்குக் காசு கேட்கிறார்கள், சரியா?" – முன்பு நான் கேட்டது.

காசில்லாமல் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் அண்ணன் இங்கே சொன்னதுதான் வழி: டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் கார் கம்பெனி பொறுப்பேற்காது, அவற்றைத் தயாரித்தவரிடம் போக வேண்டும். கார் பில்லோடு பேட்டரி டீலரிடம் போனேன். முதலில் முழுதாக சார்ஜ் ஏற்றினார்கள். சும்மா சார்ஜ் இறங்கிய பேட்டரி என்றால் அப்படியே திருப்பித் தந்துவிடுவார்களாம். என்னுடையது 12.6 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 10.5-இலேயே நின்றது. ஒரு செல் அவுட். புதியதற்கு, பழையதில் மிச்சமிருந்த வாரண்டிதான்.

"டாஷ்கேம் போட்டால் வாரண்டியே போச்சு" என்றவர் சொன்னது பாதி சரி. ஒயரை வெட்டி இணைத்து, அதனால் வந்த பழுதுக்குத்தான் மறுப்பார்கள். பிளக்கில் சொருகியதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பானட் பெயிண்ட் பற்றிக் கேட்டவருக்கு: கல் தெறித்த தடமும் பறவை எச்சக் கறையும் வாரண்டியில் வராது. அடியும் கீறலும் இல்லாமல் தானாக உரிந்தால் கேட்கலாம், போட்டோவோடு.

கிளட்ச் சீக்கிரம் தேய்ந்த அக்காவின் விஷயம் இன்னும் இழுபறி. தேய்மானம் என்கிறது சர்வீஸ் சென்டர். கிளட்சில் உள்ள பிரஷர் பிளேட்டின் குறை என்கிறார் அக்கா. கழற்றிய பாகத்தை விட்டுவராதீர்கள் அக்கா.