தளம் போடும் நாளை எழுதுவது: வேலை பார்த்தவர்களும் எழுதிப் பார்த்தவர்களும்

வேப்பமரத்தடி

நான் எழுதிய ஒரு கதையில் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் காட்சி வருகிறது. அதற்காக ஒரு நாள் முழுக்க ஒரு கட்டடத்தில் நின்று பார்த்தேன். எழுதி முடித்ததும், எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். பதினெட்டு வருடம் சித்தாளாக வேலை பார்த்தவர். முதல் பத்தியில் உச்சி வெயில், நெற்றியில் வியர்வை, வெண்கலம் போல மின்னும் தோள், தலையில் சட்டியோடு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நினைத்தபடி ஏணி ஏறும் பெண் என்று எழுதியிருந்தேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு எத்தனை மூட்டை?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "எத்தனை மூட்டைன்னு கேக்காம எவளாவது காலைல வரிசைல நிப்பாளா? அத வச்சுத்தான வீட்டுக்கு எப்பப் போவோம்னு தெரியும்" என்றார். நாள் முழுக்கப் பார்த்த எனக்கு வெயில் தெரிந்திருக்கிறது. அங்கே இருந்த எல்லோருடைய மனதிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரே எண் தெரியவில்லை.

இது மாதிரி உங்களுக்கு நடந்திருந்தால் சொல்லுங்கள். வேலை பார்த்தவர்களும் எழுதிப் பார்த்தவர்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜல்லிமேடு

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. நான் இருபது வருடத்துக்கு மேல் மேஸ்திரியாக இருக்கிறேன். கணக்காகவே சொல்கிறேன், உங்கள் கதைக்கு உதவும்.

800 சதுர அடி வீடு, 5 அங்குலத் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 75 மூட்டை சிமென்ட் ஆகும். ஒரு மூட்டைக் கலவையை மிக்ஸரில் சுற்றிக் கொட்டினால் சுமார் 15 சட்டி வரும். ஒரு சட்டி 20 கிலோ கனக்கும். அப்படியென்றால் அன்றைக்கு 1,100 சட்டிக்கு மேல் மேலே போக வேண்டும். ஆள் வரிசையில் கைமாற்றி ஏற்றும்போது, நடுவில் நிற்கும் ஒருவர் கை வழியாகவே அத்தனையும் போகும். 22 டன். மூட்டைக்கு நாலு நிமிடம் என்று மெஷின் சுற்றினால், பதினாறு நொடிக்கு ஒரு சட்டி வந்துகொண்டே இருக்கும்.

இதில் கனமான நேரம் எது என்று வெளியாட்கள் யாரும் சரியாகச் சொன்னதில்லை. சட்டி வாங்கி, கொடுத்து என்று ஓட்டத்தில் இருக்கும்போது கை தானாகப் போகும். மேலே இருப்பவர் ஒரு நொடி திரும்பிப் பேசிவிட்டால் போதும், நீங்கள் நீட்டிய சட்டி கையிலேயே நின்றுவிடும். அந்த நின்ற சட்டிதான் முதுகை உடைக்கும். வரிசையில் திட்டு விழுவது பெரும்பாலும் அதற்குத்தான்.

இன்னொன்று. சட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் அடியில் கலவை ஒட்டி இறுகிக்கொண்டே வரும். மத்தியானத்துக்கு மேல் அதே சட்டி காலையில் இருந்ததைவிட நிஜமாகவே கனம் கூடியிருக்கும். "சோர்வில் பாரம் கூடியது போலிருந்தது" என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். சோர்வும் உண்டுதான். ஆனால் அரைக் கிலோ, ஒரு கிலோ உண்மையிலேயே ஏறியிருக்கும். வேலை தெரிந்தவள் சட்டியைத் திருப்பித் தரையில் ஒரு தட்டு தட்டுவாள்.

சொல்வேட்டை

என் அனுபவத்தில் இதற்கு ஒரே வழி சொற்கள்தான். களத்துச் சொல் வந்துவிட்டால் கட்டடம் தானாக எழுந்து நிற்கும். நான் கொத்தனார்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகமே நிரப்பினேன். கொலுறு, மணியாஸ் கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு, சாரம், முட்டு, நிமிந்தாள் என்று. என் கதையிலும் தளம் போடும் காட்சி உண்டு. அதில் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, கான்கிரீட்டைச் சரிபார்ப்பதாக எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் நேரில் பார்த்தது போல இருந்தது என்றார்கள்.

ஜல்லிமேடு

தம்பி, சொல் சேர்ப்பது நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் தூக்குக்குண்டு சுவருக்கும் தூணுக்கும். செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத்தான் அது. தளம் போடும்போது அதற்கு வேலை இல்லை. தளத்துக்கு டியூப்பில் தண்ணீர் நிரப்பி முதல் நாளே மட்டம் குறித்துவிடுவோம். போடும்போது கனம் சரியாக வருகிறதா என்று, அளவு கீறிய ஒரு கம்பித் துண்டைக் கலவையில் குத்திப் பார்ப்போம். அப்புறம் மட்டக்கோலால் இழுத்து, மணியாஸ் கட்டை போடுவோம்.

கருவியின் பெயர் தெரிந்து, அது எப்போது கையில் வரும் என்று தெரியாவிட்டால், வேலை தெரிந்தவன் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவான்.

சொல்வேட்டை

திருத்திக்கொள்கிறேன் ஐயா. ஆனாலும் சொற்கள் இல்லாமல் எழுதினால் "கருவியால் தேய்த்தான்" என்றுதான் எழுத முடியும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காவிரிக்கரை

எல்லோரும் விவரமாகப் பேசுவதால் கேட்கிறேன். எங்கள் வீட்டுத் தளத்தில் சென்ட்ரிங் பிரித்த பிறகு அடிப்பக்கம் ஒரு மூலையில் ஜல்லி தெரிகிறது, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. பூச்சு வேலையில் மறைந்துவிடும் என்கிறார்கள். விடலாமா?

ஜல்லிமேடு

பூசி மறைக்க விடாதீர்கள். கம்பி தெரிகிறதா, எவ்வளவு ஆழம் என்று ஒரு இன்ஜினியர் தட்டிப் பார்த்த பிறகுதான் அதை அடைக்கும் முறையை முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்றாலும் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒன்று இருக்கிறது. அந்த மூலை ஏன் அப்படி ஆனது? வைப்ரேட்டர் ஊசி அங்கே போயிருக்காது, அல்லது பலகை இடுக்கு வழியாகச் சிமென்ட் பால் ஒழுகியிருக்கும். அதற்காகத்தான் மேலே கான்கிரீட் விழும் நேரம் முழுக்கச் சென்ட்ரிங் ஆள் ஒருவர் கீழேயே இருப்பார். இவரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மேலே இருபது பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். கீழே முட்டுக்களுக்கு நடுவில், அரை இருட்டில், இவர் மட்டும் சுத்தியலோடு. தலைக்கு மேலே ஆட்கள் நடக்கும் சத்தம் பலகையில் திம் திம்மென்று கேட்கும். எங்காவது பால் சொட்டினால் சிமென்ட் மூட்டைத் தாளைக் கிழித்து இடுக்கில் திணிப்பார். ஒவ்வொரு முட்டாகத் தட்டிப் பார்ப்பார். பாரம் ஏறிய முட்டின் சத்தம் வேறு, தளர்ந்த முட்டின் சத்தம் வேறு. தளர்ந்திருந்தால் ஆப்பை அடித்து இறுக்குவார். எங்கள் வேலையில் ஒருமுறை இவர் கீழேயிருந்து "நிறுத்து" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தார். மேலே ஒரே இடத்தில் கலவையைக் குவித்துவிட்டோம், ஒரு முட்டு மண்ணில் இறங்க ஆரம்பித்திருக்கிறது. வாரித் தள்ளிவிட்டு, அடியில் பலகை வைத்து முட்டை மறுபடி நிறுத்திய பிறகுதான் மெஷினை ஓட விட்டோம். அவர் மேலே வந்து சாப்பிட்டபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜுரோங்வாசி

நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் கட்டுமான வேலை பார்த்தேன். அங்கே சட்டியும் கிடையாது, ஆள் வரிசையும் கிடையாது. கலவை லாரியில் வரும், பம்பில் ஏறும். அதனால் மூட்டைக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. ஆனால் லாரிக் கணக்கு தெரியும். இன்னும் எத்தனை லாரி என்றுதான் எல்லோரும் கேட்போம். லாரி வந்ததும் கூம்பில் நிரப்பி, தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பார்கள். அளவுக்கு மேல் சரிந்தால் லாரி திரும்பிப் போகும். அடுத்த லாரி வரும்வரை நாங்கள் சும்மா நிற்போம். ஓய்வு என்று நினைப்பீர்கள். இல்லை. ஏற்கெனவே போட்ட கலவை இறுகிக்கொண்டே இருக்கும், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். புதுசும் பழசும் ஒட்டாமல் போனால் அந்த இடத்தில் பிளவு நிற்கும். சும்மா நின்ற அந்த நேரம்தான் எனக்கு மிகவும் பயமான நேரம்.

என் வேலை வைப்ரேட்டர். ஊசியைக் கலவையில் இறக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வரும். குமிழி அடங்கி, மேலே ஈரப் பளபளப்பு வந்ததும் மெதுவாக உருவ வேண்டும். வேகமாக உருவினால் குழி நிற்கும். அதிக நேரம் வைத்தால் ஜல்லி கீழே போய்ப் பால் மேலே வந்துவிடும். ராத்திரி தங்குமிடத்தில் ஊருக்கு வீடியோ கால் பேசும்போது கை நடுங்கி, போன் ஆடும். அம்மா "சிக்னல் சரியில்லையாப்பா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

மருதாணி

என் அம்மா சித்தாள். இங்கே சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. ஈரச் சிமென்ட் கையைத் தின்றுவிடும். வேலைக்குப் போகும் முன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள், அப்படியும் விரல் நுனியில் தோல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை எடுக்கும் மெஷின் அம்மா விரலை ஏற்காது. துடைத்து, எண்ணெய் தொட்டு, வேறு விரல் வைத்து, பின்னால் வரிசை முணுமுணுக்க, கடைசியில் நான் போய் வைப்பேன். கட்டடத்தில் ஆயிரம் சட்டி கைமாற்றும் என் அம்மா கூனிக்குறுகி நின்று நான் பார்த்த ஒரே இடம் அதுதான். வேலையை எழுதுகிறவர்கள் இதையும் எழுதினால்தான் எனக்கு நிறையும்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. சித்தாளாக நின்றிராத ஒருவர் "நான் சட்டியை வாங்கினேன்" என்று தன்மையில் எழுதலாமா? படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது.

சொல்வேட்டை

கொலைகாரனைப் பற்றிக் கொலை செய்யாதவர்கள்தானே எழுதுகிறார்கள்? உழைத்துக் கேட்டு எழுதினால் எழுதலாம்.

மருதாணி

கொலைகாரன் ரேஷன் கடை வரிசையில் என் பக்கத்தில் நிற்பதில்லை. என் அம்மா நிற்கிறாள்.

வேப்பமரத்தடி

மருதாணி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கதையைப் படர்க்கையில்தான் வைத்திருக்கிறேன். மற்றவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் பத்தியை மாற்றி எழுதினேன்:

"எழுபத்தைந்து மூட்டை என்றார்கள். நாற்பதாவது மூட்டையில் டீ வந்தது. சட்டியைத் திருப்பித் தட்டிவிட்டு வரிசைக்கு வந்தாள். மேலே நின்றவன் போனை எடுத்துப் பார்த்த நேரம், நீட்டிய சட்டி அவள் கையிலேயே நின்றது. 'வாங்குடா' என்றாள். சட்டி விளிம்பிலிருந்து சிமென்ட் பால் முழங்கை வழியாக இறங்கி ஜாக்கெட்டுக்குள் போனது."

நேற்று இதை அக்காவிடம் படித்தேன். "டீ சரி, பால் எறங்கறது சரி" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏறிப் போற சட்டிய மட்டும் எழுதியிருக்க. காலிச் சட்டி எப்படி எறங்குது?" என்றார்.

நான் பார்த்த கட்டடத்தில் மேலேயிருந்து மணல் குவியலில் வீசினார்கள். அக்கா வேலை பார்த்த இடங்களில் வரிசையின் இன்னொரு பக்கம் கைமாற்றியே இறக்குவார்களாம். வீசினால் கீழே நிற்பவள் ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டேதான் சட்டி நிரப்ப வேண்டும். இறக்கினால் இரண்டு கைக்கும் வேலை. இரண்டில் எது என்று முடிவு செய்தால் என் பத்தியில் அவள் நிற்கும் விதமே மாறும். உங்கள் இடங்களில் எப்படி இறக்குவார்கள்?