பான் கார்டு தொலைந்துவிட்டது, முகவரியும் பழையது: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பேருந்தில் பர்ஸ் தொலைந்தது. அதில் பான் கார்டும், கையெழுத்துப் போட்ட ஆதார் நகலும் இருந்தன. போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

எண் அதேதான் என்பதால் புது பானுக்கு விண்ணப்பிக்காமல், மறு அச்சுக்கு விண்ணப்பிக்கப் போனேன். ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். மறு அச்சுக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் கார்டு, பான் பதிவில் உள்ள முகவரிக்கே போகும். என் பதிவில் இருப்பது காலி செய்துவிட்ட பழைய வாடகை வீடு. அங்கே போனால் இரண்டாவது கார்டும் யார் கையிலோ சிக்கிவிடும். ஆதார் ஓடிபி வழியாக முகவரியை மாற்றிவிட்டு மறு அச்சு கேட்டவர்கள் இருக்கிறீர்களா? மாற்றம் பதிவாகிவிட்டதை எப்படி உறுதி செய்தீர்கள்?

இன்னொன்றுதான் அதிகம் பயமுறுத்துகிறது. பான் எண்ணை ஏடிஎம் கார்டு போல முடக்க முடியாதே என்று சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கடன் கணக்குகள் சரியாக இருந்தன. ஆனால் விசாரணைகள் பகுதியில், நான் அணுகாத ஒரு கடன் நிறுவனம் மூன்று நாள் முன்பு என் விவரத்தைப் பார்த்திருக்கிறது. அதாவது யாரோ என் பெயரில் கடன் கேட்டிருக்கலாம். சிபிலில் ஆட்சேபம் பதிந்துவிட்டேன். அந்த நிறுவனத்துக்கும் எழுதி விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். அப்படி எழுதியவர்கள் போலீஸ் ரசீதோடு வேறு என்ன இணைத்தீர்கள்? சைபர் மோசடி உதவி எண் 1930-இல் இப்போதே சொல்லலாமா, பணம் போனால்தான் புகாரை எடுப்பார்களா?