ரோஸ் ஹில் பெரிய வீட்டுக் குழு

சரோஜா அத்தை: வருஷப் பிறப்புக்குப் பிள்ளைங்களுக்கு ஒரு வினாடி வினா போடணும். ஒரு படத்துல கேள்வி, தள்ளினா அடுத்ததுல விடை. குமரா, செய்வியா?

ரவி சித்தப்பா: இந்தக் குழுவிலேயே போட்டா போச்சு

குமரன்: வேண்டாம் சித்தப்பா. இங்க நாலு படம் சேர்த்து அனுப்பினா கட்டம் கட்டமா ஒண்ணாத் தெரியும். கேள்வியைப் படிக்கறதுக்குள்ள விடை கண்ணுல பட்டுடும். இன்ஸ்டாவுல போடுவோம்.

மாலா: முதல் படம் கேள்வி, ரெண்டாவது விடை. சரியா?

குமரன்: இல்ல மாலா. தள்ளாம கடந்து போனவங்களுக்கு இன்ஸ்டா அதே பதிவைத் திரும்பக் காட்டும்போது சில சமயம் ரெண்டாவது படத்திலிருந்து ஆரம்பிக்கும். அங்க விடை இருந்தா கேள்வியே வீண். முதல்ல அட்டை, ரெண்டாவதுல கேள்வி, மூணாவதுல விடை.

செல்வி பெரியம்மா: ஏழு கறிக்கு வாழை இலை யாரு சொன்னது? போன வருஷம் மாதிரி ஆகக்கூடாது

ரவி சித்தப்பா: போன வருஷத்தை விடுங்க அண்ணி

சரோஜா அத்தை: பத்து கேள்வி வேணும்

ரவி சித்தப்பா: இன்ஸ்டா பத்து படத்துக்கு மேல ஏத்த விடாதே

குமரன்: அது முன்னாடி. 2024லிருந்து 20 படம் போடலாம். ஆனாலும் அத்தை, பத்து கேள்விக்கே 20 ஆயிடும், அட்டைக்கு இடமில்ல. ஒன்பது கேள்வின்னா 18, முன்னாடி அட்டை, கடைசியில மொத்த மதிப்பெண் பார்க்க ஒண்ணு. சரியா 20.

சரோஜா அத்தை: எதை எடுக்கறது? எல்லாமே நல்ல கேள்வி

மாலா: ஒரு கேள்வி செஞ்சு காட்டுங்க அண்ணா

குமரன்: "1998ல மொரீஷியஸ்ல வந்த புது ரூபாய் நோட்டை ஏன் திரும்ப வாங்கினாங்க?"
அ) தாள் சீக்கிரம் கிழிஞ்சது
ஆ) தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போயிடுச்சு
இ) கள்ள நோட்டு பெருகிச்சு

1080க்கு 1350 அளவு. இந்தப் பக்கத்தை அப்படியே நகல் எடு, எதையும் நகர்த்தாதே. நகல்ல 'ஆ' வரியை மட்டும் பச்சையாக்கு, மத்த ரெண்டையும் மங்க வை. எல்லாம் அதே இடத்துல இருந்தாத்தான் தள்ளும்போது அந்த வரி மட்டும் மாறுற மாதிரி தெரியும். பச்சையை மட்டும் நம்பாதே, சில பேருக்கு நிறம் பிரியாது. ஒரு டிக்கும் போடு, ஆனா வலது ஓரத்துல. மெதுவா தள்ளினா அடுத்த படத்தோட இடது ஓரம்தான் முதல்ல எட்டிப் பார்க்கும். டிக் அங்க இருந்தா விடை கசிஞ்சிடும்.

மாலா: அப்போ பச்சைப் பட்டையும் இடது ஓரம் வரைக்கும் போகக்கூடாது

குமரன்: ஆமா, அதுவும்தான்.

கண்ணன்: நான் போட்டப்போ படம் முன்ன பின்ன ஆயிடுச்சு

குமரன்: பேர் 1, 2, 10னு வச்சா சில போன்ல 1க்கு அடுத்து 10 வந்து நிக்கும். 01.png, 02.pngனு வை. தேர்ந்தெடுக்கும்போது மேல விழுற எண்ணையும் பாரு. இன்னொண்ணு, சில எழுத்துருல 'நோ' கொம்பு தனியா, கால் தனியா உடையும். இறக்கினதும் போன்ல ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

செல்வி பெரியம்மா: அந்த நோட்டு விஷயத்துல எங்க அப்பா எவ்வளவு கோபப்பட்டாரு! அதைக் கட்டாயம் வைங்க

சரோஜா அத்தை: அப்போ காவடிக் கேள்வியை எடுத்துடவா?

ரவி சித்தப்பா: காவடியை எடுக்காதீங்க

மாலா: மீதியை ராத்திரி அனுப்புறேன்

செல்வி பெரியம்மா: இலை???